மாக்கன், மாஹன்

வணக்கம் சார்,

நான் டூசல்டார்ஃபில் வேலை பார்க்கிறேன். போன வாரம் சைக்கிளில் நெதர்லாந்து எல்லைப் பக்கம் போயிருந்தேன். ஜெர்மன் பக்கத்துப் பாட்டி ஒருவரும் அந்தப் பக்கத்துக் கடைக்காரரும் அவரவர் ஊர்ப்பேச்சிலேயே சிரித்துப் பேசிக்கொண்டார்கள். அவர் பேசியது ஜெர்மன், இவர் பேசியது டச்சு என்றார்கள். அப்படியென்றால் ஒரு மொழி எங்கே முடிகிறது? வரைபடத்தில் எதை வைத்துக் கோடு போடுகிறார்கள்?

எஸ்., டூசல்டார்ஃப்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் குடியிருக்கும் ஊரே இதற்கு நல்ல உதாரணம். 1876இல் கேயோர்க் வெங்கர் என்பவர் டூசல்டார்ஃபில் இருந்துகொண்டு ரைன் பகுதிப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில எளிய வாக்கியங்களை அனுப்பினார். 'குளிர்காலத்தில் காய்ந்த இலைகள் காற்றில் பறக்கின்றன' என்கிற மாதிரி வாக்கியங்கள்தான். உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வார்கள் என்று எழுதி அனுப்புங்கள் என்றார். வடக்கத்திப் பேச்சும் தெற்கத்திப் பேச்சும் பிரியும் இடம் பளிச்சென்று தெரிந்துவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

வந்த பதில்கள் அப்படி இல்லை. வடக்கே க, ப, ட என்று வல்லினமாக நிற்கும் ஒலிகள் தெற்கே போகப் போகக் காற்றொலியாகக் குழைகின்றன. 'செய்ய' என்பதற்கு வடக்கே மாக்கன், தெற்கே மாஹன். 'நான்' என்பதற்கு வடக்கே இக், தெற்கே இஹ். மாற்றம் ஒன்றேதான். எல்லாச் சொல்லிலும் ஒரே இடத்தில்தானே அது நடக்க வேண்டும்? நடக்கவில்லை. 'நான்' மாறும் ஊர்களை இணைத்துப் போட்ட கோடு ஊர்டிங்கன் அருகே ரைன் நதியைக் கடக்கிறது. 'செய்ய' கோடு கடப்பது சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே, பென்ராத்தில். டூசல்டார்ஃப் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அதனால் உங்கள் ஊர்ப் பழைய பேச்சில் 'நான்' குழைந்துவிட்டது, 'மாக்கன்' அப்படியே நிற்கிறது.

கொலோனுக்குப் போனால் 'செய்ய'வும் குழைந்துவிடும். ஆனால் 'கிராமம்' அங்கே இன்னும் டோர்ப்தான். அது டோர்ஃப் ஆவதற்கு இன்னும் தெற்கே போக வேண்டும். 'அது' என்னும் டாட், டாஸ் ஆவது அதற்கும் அப்பால். (டூசல்டார்ஃப் என்ற பெயரே எழுத்து ஜெர்மன். உள்ளூர்ப் பேச்சில் அது பகரத்தில்தான் முடியும்.) கிழக்கே ஒரு கட்டாகச் சேர்ந்து வரும் இந்தக் கோடுகள் ரைனை நெருங்கியதும் விசிறி மாதிரி விரிகின்றன. 'ரைன் விசிறி' என்றே இதற்குப் பெயர்.

விரிந்ததற்குக் காரணம் பழைய ஆட்சி எல்லைகள் என்பது மொழியியலாளர் தியோடோர் ஃப்ரிங்ஸ் முதலானோர் சொன்ன விளக்கம். கொலோன் பேராயரின் நாடு ஒன்று, ட்ரியர் பேராயரின் நாடு இன்னொன்று. சந்தை, கல்யாணம், வரி எல்லாம் அந்தந்த எல்லைக்குள்ளேயே பல நூற்றாண்டுகள் நடந்தன. தெற்கிலிருந்து மேலேறி வந்த உச்சரிப்பு ஒவ்வொரு சொல்லிலும் வெவ்வேறு எல்லையில் வந்து நின்றுவிட்டது.

கோடு போடுவதிலும் ஒரு கை வேலை இருக்கிறது. ஒரு ஊரில் இரண்டு வடிவமும் வரும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு ஊர் தனித்தீவாக நிற்கும். பெரும்பான்மையைப் பார்த்து நடுவில் இழுப்பதுதான் வழக்கம். பாடப்புத்தகங்களில் பென்ராத் கோடு 'எல்லை' ஆனது, ஆய்வாளர்கள் 'செய்ய' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்ததால். 'அது' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்திருந்தால் கொலோன் வடக்கோடு சேர்ந்திருக்கும்.

சரி, பாட்டிக்கும் கடைக்காரருக்கும் வருவோம். ஜெர்மனியின் க்ளேவ வட்டாரத்தை ஒட்டிய எல்லையில் மேலே சொன்ன கோடு ஒன்றுகூட ஓடவில்லை. இரண்டு பக்கமும் இக், மாக்கன்தான். 1815க்குப் பிறகு பிரஷ்யா என்ற பழைய ஜெர்மன் நாடும் நெதர்லாந்தும் வரைந்த நாட்டெல்லை அது. இந்தப் பக்கம் இருக்கும் க்ளேவ வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட தேவாலயத்திலும் பள்ளியிலும் டச்சு புழங்கியது. பிரஷ்ய அரசு அந்த இடத்தில் ஜெர்மனை வைத்தது. பாட்டியின் ஊர்ப்பேச்சு மாறவில்லை, அதற்கு மேலே இருந்த கூரை மாறியது. மொழியியலாளர்கள் இதைக் 'கூரை மொழி' என்றே சொல்கிறார்கள். பாட்டி கடிதம் எழுத உட்கார்ந்தால், பாதிரியார் பிரசங்கம் செய்தால் எந்த மொழி வருகிறது என்பதுதான் கேள்வி. அதனால்தான் அவர் பேச்சு ஜெர்மன் கணக்கில் வருகிறது. இது அரசியல் பதில் என்பீர்கள். ஆமாம், அரசியல்தான். ஒலியை மட்டும் வைத்து அங்கே எல்லை கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அடுத்த முறை போனால் பாட்டியின் பேரனையும் கடைக்காரரின் பேத்தியையும் பேசவிட்டுப் பாருங்கள். ஒருவருக்குப் பள்ளி ஜெர்மன், மற்றவருக்குப் பள்ளி டச்சு. ஊர்ப்பேச்சு இருவருக்கும் அரைகுறை. அநேகமாக ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். வெங்கர் தேடிய கூர்மையான கோடு இப்போதுதான், அவர் தேடாத இடத்தில், விழுந்துகொண்டிருக்கிறது.