தோசாய் லைனில் விட்டுவந்த பை

"அண்ணா, டோக்கியோவுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. நேற்று மாலை ஓதேமாச்சியில் தோசாய் லைன் ஏறினேன். பையை மேல்தட்டில் வைத்துவிட்டு மறந்துபோய் நிஷி-கசாயில் இறங்கிவிட்டேன். யாரிடம் சொல்ல வேண்டும்?"

தம்பி, முதலில் நிஷி-கசாய் ஸ்டேஷனுக்கே போய், டிக்கெட் கேட் பக்கத்திலுள்ள ஜன்னலில் சொல்லுங்கள். "டென்ஷா நி கபான் ஓ வசுரேமஷிதா" என்றால் போதும், படிவம் எடுத்துவிடுவார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோசாய் லைன் டோக்கியோ மெட்ரோவுடையதுதான். ஆனால் அந்த ரயில்கள் எல்லாம் மெட்ரோ தடத்தோடு நின்றுவிடுவதில்லை. சில நிஷி-ஃபுனபாஷி தாண்டி தோயோ-கத்சுததாய் வரை வேறொரு கம்பெனியின் தடத்தில் போகும். நெரிசல் நேரத்தில் சில, ஜே.ஆர். என்ற இன்னொரு ரயில் கம்பெனியின் தடத்தில் த்சுதனுமா வரை போகும். பையைக் கடைசி ஸ்டேஷனில் எடுத்திருந்தால், அது வேறு கம்பெனியின் கையில் இருக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது. இரண்டு நாள் மெட்ரோவிலேயே விசாரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், நான் ஏறியது த்சுதனுமா வண்டி என்று ஒரு ஊழியர் கண்டுபிடித்தார். ஜே.ஆருக்குப் போன் செய்த பத்து நிமிடத்தில் பை இருப்பது தெரிந்தது. அதனால் வண்டியின் முன்னால் எழுதியிருந்த ஊர்ப் பெயரை எப்படியாவது நினைவுபடுத்துங்கள்.

ஊர் நினைவில்லையென்றால் நேரம் உதவும். ரயில் கட்டணம் கட்டும் பாஸ்மோ, சுய்கா அட்டையை ஸ்டேஷன் மெஷினில் போட்டு அச்சிட்டால் தேதியும் ஸ்டேஷனும்தான் வரும், நேரம் வராது. இறங்கியதும் வீட்டுக்குப் போன் செய்தீர்களா, கடையில் ஏதாவது வாங்கி ரசீது வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த நேரத்தைச் சொன்னால், அட்டவணையில் எந்த வண்டி என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். அப்புறம், எத்தனையாவது பெட்டி? பத்துப் பெட்டி வண்டி அது. எண் தெரியாவிட்டால், இறங்கியதும் படிக்கட்டு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று சொல்லுங்கள், அதை வைத்தே ஓரளவு கணிப்பார்கள்.

பையைப் பற்றிச் சொல்லும்போது "கறுப்புப் பை" என்று நிறுத்தாதீர்கள். கறுப்புப் பை அங்கே நிறையக் கிடக்கும். உள்ளே இருக்கும் டப்பா, புத்தகம், சாவிக்கொத்தில் தொங்கும் பிள்ளையார் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்லுங்கள். உங்கள் பைதான் என்று நம்பவைப்பது அதுதான்.

சில நாளில் பொருள் போலீஸுக்குப் போய்விடும். டோக்கியோவில் அதற்கான மையம் ஈதபாஷி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொதுவாக மூன்று மாதம் வைத்திருப்பார்கள். குடை, துணி போன்றவற்றை அதற்கு முன்பே அகற்றிவிடலாம், சாப்பாட்டையும் வைக்கமாட்டார்கள். அதனால் இன்றே பக்கத்திலுள்ள கோபான் என்னும் சிறு போலீஸ் சாவடியிலும் புகார் எழுதி, அவர்கள் தரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கப் போகும்போது அடையாளத்துக்குக் குடியிருப்பு அட்டையைக் கொண்டுபோங்கள். பை கிடைத்ததும் அந்தக் கோபானில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.