போர்ட்டிகோ கூரைக்கு எத்தனை தகடு?

"வெள்ளவத்தையில் 14 அடி அகலம், 8 அடி நீட்டமுள்ள போர்ட்டிகோ. 7×19 அடி இரட்டைச்சுவர் பொலிகார்பனேட் தகடு இரண்டு வேண்டுமா? இரு முனைக்கும் ஒரே நாடாவா?"

ஒரு தகடே போதும். அதன் நீளத்தை 8 அடியாக இருமுறை வெட்டினால், உட்குழாய்கள் சரிவின் வழியே கீழ்நோக்கி இருக்க, 7 அடி அகலத் துண்டுகள் இரண்டு கிடைக்கும். மிச்சம் 3 அடி. குறுக்காகப் பொருத்தினால் குழாய்களில் நீர் தேங்கும்.

நடு இணைப்புக்கு 8 அடி எச் வடிவ அலுமினியச் சட்டம் ஒன்றும், கீழ் விளிம்புக்கு 14 அடி யூ சட்டமும் தேவை. வெயிலில் தகடு விரியுமென்பதால் சட்டத்துக்குள் சில மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

நாடா ஒன்றல்ல. மேல்முனையை முழுமையாக அடைக்கும் அலுமினிய நாடாவாலும், கீழ்முனையைத் தூசியைத் தடுத்து ஈரத்தை வெளியேற்றும் துளை நாடாவாலும் மூட வேண்டும். யூ சட்டத்திலும் வடிதுளை இடுங்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் கீழ்முனையையும் இறுக அடைத்தால், குழாய்களுக்குள் பச்சைப்பாசி படரும். அதைக் கழுவி எடுப்பது மிகக் கடினம்.