தோசையை யார் எட்டாக வெட்டுகிறார்கள்?

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஆங்கில வாக்கியக் கணக்குகளைத் தமிழாக்குகிறேன். பீட்சாவைத் தோசையாகவும், டாலரை ரூபாயாகவும், எம்மாவைக் கயல்விழியாகவும் மாற்றிவிட்டேன். ஆனாலும் பிள்ளைகள் விழிக்கிறார்கள். எங்கே பிசகு?

பதில்: முதல் பிசகு தோசையில். பீட்சா எட்டுச் சம துண்டுகளாக வெட்டித்தான் மேசைக்கு வரும். எனவே 3/8 என்றதும் அதைத் தின்று பழகிய குழந்தைக்கு மூன்று துண்டுகள் கண்ணில் தெரியும். நாமோ தோசையைப் பிய்த்துத் தின்கிறவர்கள். அதில் எட்டில் ஒரு பங்கை எந்தப் பிள்ளையும் பார்த்ததில்லை. பின்னக் கணக்குக்கு, தட்டில் கொட்டி வில்லை போடும் மைசூர்பாகு பொருத்தம். நீளவாக்கில் ஒரு கீறல், குறுக்கே மூன்று: எட்டு வில்லைகள். பயிற்சித் தாளில் வட்டப் படம் இருந்தால் அதையும் செவ்வகமாக மாற்றிவிடுங்கள். மைசூர்பாகு என்று எழுதிவிட்டுப் பீட்சா படத்தை விட்டுவைத்த தாள்களை நானே திருத்தியிருக்கிறேன்!

பணத்தில் இன்னும் கவனம் வேண்டும். இந்தக் கணக்கைப் பாருங்கள்: எம்மா 8.75 டாலர் வீதம் 3 பீட்சா வாங்கி 30 டாலர் கொடுக்கிறாள், மீதி எவ்வளவு? விலை 26.25, மீதி 3.75. டாலர் இருந்த இடத்தில் ரூபாயை மட்டும் வைத்தால் 8 ரூபாய் 75 காசுக்கு விற்கும் பண்டம் வேண்டும். இந்தியாவில் 25 காசு 2011 ஜூன் 30 முதல் செல்லாது. காசுக் கணக்கைப் பிள்ளைகள் பார்ப்பது பெட்ரோல் பங்க் விலைப் பலகையில்தான். சரி, விலையை 35 ரூபாய் என்று முழு எண்ணாக்கிவிடலாமே என்றால், கணக்கு சோதிக்க வந்த தசமப் பெருக்கலே காணாமல் போய்விடும்.

தசமம் நம் பிள்ளைகளின் அன்றாடத்தில் இருப்பது மீட்டரிலும் கிலோவிலும். அங்கே கொண்டுபோங்கள்: ‘ஒரு பாவாடைக்கு 1.75 மீட்டர் துணி வேண்டும். 6 மீட்டர் துணியில் 3 பாவாடை தைத்தால் மீதி எவ்வளவு?’ தைக்க 5.25 மீட்டர், மீதி 0.75. பெருக்கல், கழித்தல், இரண்டு தசம இடங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. போனது பணம் மட்டுமே. பாடமே சில்லறை எண்ணுவது என்றால் பணத்தை விடக்கூடாது. 25 சென்ட் மூன்று, 10 சென்ட் இரண்டு என்பதை 50 ரூபாய்த் தாள் மூன்று, 20 ரூபாய்த் தாள் இரண்டு என்று மாற்றி, விடையையும் 95-இலிருந்து 190 ஆக்குங்கள்.

பெயரில் ஒரு சிறு வம்பு உண்டு. அலெக்ஸ், சாம் என்றால் ஆங்கில வினைச்சொல் ஆணா பெண்ணா என்று கேட்காது. தமிழில் ‘வாங்கினான்’, ‘வாங்கினாள்’ என்று முடிக்கத்தான் வேண்டும். கணக்கில் இருவர் வந்தால் ஒரு பையன், ஒரு பெண் என்று வையுங்கள். ‘அவன்’ யார், ‘அவள்’ யார் என்ற குழப்பம் தானே தீரும். கவின், கவிதா என்று ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் வேண்டாம். ‘க’ என்று சுருக்கி எழுதிவிட்டு யாருடையது என்று தேடுவார்கள்.

மாற்றிய கணக்கைத் தாளில் ஏற்றுமுன் ஒரு பிள்ளையிடம் கொடுத்து, விடை வேண்டாம், படம் மட்டும் வரை என்று சொல்லுங்கள். பென்சில் எந்தச் சொல்லில் நிற்கிறதோ, அந்தச் சொல்லை மாற்றுங்கள்.