அறுகம்பை ட்ரிப் காசை ஐந்து பேர் எப்படிப் பிரிப்பது: வீடியோவுக்கு ஒரு கணக்கு

"நாங்கள் வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிறோம். ட்ரிப் செலவை நண்பர்களுக்குள் நியாயமாகப் பிரிப்பது பற்றி ஐந்து நிமிட வீடியோ ஒன்று செய்யப் போகிறோம். ஒரே ஒரு ட்ரிப்பை உதாரணமாக வைத்து எப்படி விளங்கப்படுத்தலாம்? மொத்தத்தை ஆட்களால் பிரித்தால் போதாதா?"

எல்லோரும் எல்லாவற்றிலும் பங்கெடுத்தால் போதும். ஒருவர் இரவு தங்காமல் திரும்பினாலே அந்தக் கணக்கு பிழைத்துவிடும். ஆகவே உங்கள் உதாரணத்தில் அப்படி ஒருவர் இருக்கட்டும்.

மட்டக்களப்பிலிருந்து அறுகம்பைக்கு வேனில் இரண்டு நாள் ட்ரிப். கஜன், சுரேன், டிலக்சன், அனோஜ் நால்வரும் மட்டக்களப்பில் ஏறுகிறார்கள், றிஸ்வான் கல்முனையில் ஏறுகிறார். அனோஜுக்கு மறுநாள் வேலை. அன்று மாலையே பஸ்ஸில் திரும்பிவிடுவதாக வேன் பிடிக்கும் முன்பே சொல்லிவிட்டார். தொகைகள் கணக்குக்காக வைத்தவை என்று திரையில் போட்டுவிடுங்கள், ஏனென்றால் அறுகம்பையில் சீசனுக்கு ஏற்ப விலை மாறும்.

வேன் 20,000 ரூபா, கஜன் கொடுத்தார். அறை 12,000, சுரேன். முதல்நாள் மதியச் சாப்பாடு 5,000, இரவும் மறுநாள் காலையும் சேர்த்து 6,000, இரண்டும் றிஸ்வான். சேர்ஃபிங் பழகியது சுரேனும் டிலக்சனும் மட்டும். அந்த 6,000 ரூபாவை டிலக்சன் கொடுத்தார். மொத்தம் 49,000. ஐந்தால் பிரித்தால் ஆளுக்கு 9,800. அனோஜ் தூங்காத அறைக்கும் சாப்பிடாத சாப்பாட்டுக்கும் காசு கொடுக்கிறார். வீடியோவை இந்த இடத்தில் தொடங்குங்கள்.

பிறகு இரண்டு கேள்விகளைப் பிரித்துக் காட்டுங்கள்: காசு கொடுத்தது யார், செலவானது யாருக்காக? பெரும்பாலான சண்டை இவை இரண்டும் குழம்புவதால்தான் வருகிறது. முதலில் இரண்டாவது கேள்வியை முடியுங்கள். அனோஜ் போக மட்டும் வந்ததால் வேனை இரண்டாக உடைக்க வேண்டும். போக 10,000 ஐந்து பேருக்கு, ஆளுக்கு 2,000. வர 10,000 நான்கு பேருக்கு, ஆளுக்கு 2,500. அவர் முன்கூட்டிச் சொல்லாமல் நடுவில் இறங்கியிருந்தால், வேனை ஐந்து பேர் கணக்கிலேயே பிரிப்பதுதான் நியாயம், மற்றவர்கள் அந்தக் கணக்கை நம்பித்தான் வாடகை பேசினார்கள். றிஸ்வான் கல்முனையில் ஏறியதற்குக் கழிவு வேண்டாம், வேன் எப்படியும் அந்த வழியால்தான் போகிறது.

அறை நால்வருக்கு ஆளுக்கு 3,000, மதியம் ஐவருக்கு 1,000, இரவும் காலையும் நால்வருக்கு 1,500, சேர்ஃபிங் இருவருக்கு 3,000. கூட்டினால் அனோஜின் பங்கு 3,000, கஜனுக்கும் றிஸ்வானுக்கும் 10,000 வீதம், சுரேனுக்கும் டிலக்சனுக்கும் 13,000 வீதம். அனோஜின் பஸ் காசு அவருடைய சொந்தச் செலவு, அட்டவணைக்குள் வராது.

இதை ஷீட்டில் செய்து காட்டலாம். A செலவு, B கொடுத்தவர், C தொகை, D முதல் H வரை முதல் வரியில் ஐந்து பெயர்கள். வேனின் போக்கும் வரவும் தனித்தனி வரியாக, 2 முதல் 7 வரை ஆறு வரிகள். பங்கெடுத்தவருக்கு 1, இல்லாதவருக்கு 0. I2, I8, I9, I10 ஆகியவற்றில் முறையே:

```
=$C2*D2/SUM($D2:$H2)
=SUM(I2:I7)
=SUMIF($B$2:$B$7,D$1,$C$2:$C$7)
=I9-I8
```

முதலாவதை 7ஆம் வரி வரை கீழே இழுத்து, எல்லாவற்றையும் M வரை வலப்பக்கம் இழுங்கள். கடைசி வரியில் கஜன் +10,000, றிஸ்வான் +1,000, சுரேன் -1,000, டிலக்சன் -7,000, அனோஜ் -3,000 என்று வரும். கூட்டினால் பூச்சியம்.

பூச்சியம் வராவிட்டால் அந்த எண்ணே பிழையைக் காட்டித்தரும். -12,000 வந்தால் அறை வரியைப் பாருங்கள். "சுரேன்" என்ற பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி விழுந்திருக்கும், ஷீட் அவரை வேறு ஆளாக எண்ணிவிடும். ஆனால் 1, 0 மாறிப் போட்டிருந்தாலோ, வேன் அட்வான்ஸை ஒரு முறையும் முழு வாடகையை மறுமுறையும் எழுதியிருந்தாலோ கூட்டுத்தொகை பூச்சியமாகவே இருக்கும். இந்த இரண்டையும் ஆட்கள்தான் பிடிக்க வேண்டும். ஆகவே ஐந்து பேரும் ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசிக்கும் காட்சி ஒன்றைக் கட்டாயம் எடுங்கள்.

காசு கைமாறுவது மூன்றே தடவை: டிலக்சன் கஜனுக்கு 7,000, அனோஜ் கஜனுக்கு 3,000, சுரேன் றிஸ்வானுக்கு 1,000. போனில் நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவர்களுக்கு முழு ஷீட்டும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு வரியைப் பெரிதாக்கிக் காட்டி, இந்த மூன்று கைமாற்றங்களை மட்டும் கடைசித் திரையில் அம்புக்குறியோடு சில விநாடிகள் நிறுத்தி வையுங்கள்.