கூற்று இடப்பக்கம், சான்று வலப்பக்கம்

"சமூகவியலாளர் மக்ஸ் வெபரின் 'புரட்டஸ்தாந்த ஒழுக்கமும் முதலாளித்துவ உணர்வும்' நூலை வாசித்தால் எது வாதம், எது ஆதாரம் என்று பிரியவில்லை. இரண்டு நிரலில் எப்படி எழுதுவது?"

கொப்பியில் நடுக்கோடு கீறி, முதலில் இடப்பக்கத்தை மட்டும் நிரப்புங்கள். வரிக்கு ஒரு கூற்று. பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, வலப்பக்கத்தில், வெபர் தரும் சான்றை எழுதுங்கள்.

முதலாளிகளிலும் தேர்ந்த தொழிலாளரிலும் புரட்டஸ்தாந்தர் அதிகம் என்கிறார் வெபர். எதிரே ஜேர்மனியின் பாடன் புள்ளிவிபரம். சரி, பொருந்துகிறது. அடுத்தது, பணம் சேர்ப்பதே கடமை என்ற மனப்பாங்கு. எதிரே பெஞ்சமின் பிராங்ளினின் அறிவுரைகள். இங்கேதான் சறுக்கும். அந்த மேற்கோள் அப்படியொரு மனப்பாங்கு இருந்ததைத்தான் காட்டுகிறது, அது மதத்திலிருந்து வந்தது என்பதை அல்ல. திருநெல்வேலியில் அறை எடுத்துப் படித்த காலத்தில் இரண்டையும் ஒரே வரியில் போட்டு நான் புள்ளி இழந்தேன். மதத் தொடர்பைத் தனி வரியாக்குங்கள். அதற்குச் சான்று பக்ஸ்டர் போன்ற புரட்டஸ்தாந்தப் போதகர்களின் எழுத்து.

வலப்பக்கம் வெறுமையாக நின்றால் அப்படியே விடுங்கள், உங்கள் சொந்தக் காரணத்தால் நிரப்ப வேண்டாம்.