வாங்கியவர் கேள்விகள்: நட்டஈடு எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: 148,000 ரூபாவுக்கு வாங்கிய குளிர்சாதனப் பெட்டி மூன்று வாரத்தில் நின்றுவிட்டது. ஆறு வாரமாகத் "திருத்துநர் வருவார்" என்கிறார்கள். அம்மாவின் இன்சுலினுக்குத் தினமும் ஐஸ் கட்டி வாங்குகிறேன். ஐந்து இலட்சம் நட்டஈடு கேட்கலாமா? - சாவகச்சேரி வாசகி

பதில்: கேட்கலாம், ஆனால் அந்த ஐந்து இலட்சம் எங்கிருந்து வந்தது என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் விசாரணையில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? என்னிடம் வரும் முறைப்பாட்டு நகல்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன: இரண்டு பக்கத்துக்குத் துயரம், கடைசி வரியில் ஒரு முழு எண். அந்த எண்ணைக் கண்டவுடன் கடைக்காரரின் சட்டத்தரணிக்கு வேலை சுலபமாகிவிடுகிறது. உண்மையாக ஏமாற்றப்பட்டவர் பேராசைக்காரர் போலத் தெரிவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் கணக்கை நாமே போடுவோம். மாதச் சம்பளம் 52,000 ரூபா, வேலை நாள் 26 என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளுக்கு 2,000. திருத்துநருக்காகச் சம்பளமின்றி வீட்டில் காத்திருந்த இரண்டு நாளுக்கு 4,000. யாழ்ப்பாண நகரிலுள்ள காட்சியறைக்குப் போய்வந்த பஸ், ஓட்டோச் செலவு 1,800. பழுதாகிப்போன மீனுக்கும் பாலுக்கும் 6,500. ஐஸ் கட்டி நாளுக்கு 150 வீதம் 42 நாளுக்கு 6,300. மொத்தம் 18,600. சம்பளச் சீட்டு, அவர்கள் வருவதாகச் சொன்ன தேதியுள்ள குறுஞ்செய்தி, ஐஸ் விற்ற கடையின் பற்றுச்சீட்டு ஆகியவற்றை இணையுங்கள். நான் வாங்கிய நீர்ப்பம்பி உத்தரவாதக் காலத்துக்குள் எரிந்தபோது, கடைக்காரரின் வாயை அடைத்தது வாடகைப் பம்பிக்கு நான் கட்டிய பணத்தின் பற்றுச்சீட்டுத்தான்.

மன உளைச்சலுக்கு அளவுகோல் எதுவும் சட்டத்தில் இல்லை. எனவே பொருளின் விலைக்கும் பட்ட கஷ்டத்தின் காலத்துக்கும் பொருந்தும் தொகையைக் கேளுங்கள். உங்கள் இடத்தில் நான் 15,000 கேட்பேன், விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: "இன்சுலின் கெட்டுவிடுமோ என்ற பயத்தோடு ஆறு வாரம் இருந்தோம், வீட்டில் நோயாளி இருப்பதைக் கடைக்கு எழுத்தில் அறிவித்த பின்பும் அவர்கள் வரவில்லை." கடைக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் இதில் பெறுமதியான பகுதி. அறிவிக்காமல் இருந்தால் இன்றே அறிவியுங்கள்; அறிவித்த நாளையும் உண்மைப்படி எழுதுங்கள்.

இன்னொன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, நட்டஈடு "அல்லது" மாற்றுப் பொருள் "அல்லது" விலையைத் திருப்பிக் கொடுத்தல் என்கிறது. அதனால் கோரிக்கையை இரண்டு விதமாக எழுதுங்கள். முதலாவது, 148,000 ரூபாவைத் திருப்பித் தருவதும் 18,600 செலவும் 15,000 மன உளைச்சலும். அது கிடைக்காவிட்டால் நட்டஈடு மட்டும்: வெளித் திருத்துநரிடம் எழுத்தில் வாங்கிய திருத்தச் செலவு மதிப்பீடு, உதாரணமாக 38,000 என்றால், அதோடு அந்த 18,600ஐயும் 15,000ஐயும் கூட்டி 71,600. விலையையும் திருத்தச் செலவையும் ஒன்றாகக் கேட்காதீர்கள். ஒரே நட்டத்தை இரண்டு தரம் கேட்பதாகிவிடும்.

அவசரம் ஒன்று உண்டு. எழுத்து மூல முறைப்பாட்டுக்கு மூன்று மாதம்தான், அதுவும் வாங்கிய நாளிலிருந்து; பழுதான நாளிலிருந்து அல்ல. உங்களுக்கு ஒன்பது வாரம் போய்விட்டது. "வருவார்" என்ற சொல்லை நம்பி மீதி நாட்களையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் அரச ஆசிரியை. பழுதான சலவை இயந்திரத்துக்காக இரண்டு நாள் லீவு எடுத்தேன். சம்பளம் குறையவில்லை. அந்த நாட்களைச் சேர்க்கலாமா? - கோப்பாய்

பதில்: சம்பள இழப்பு என்று சேர்க்க வேண்டாம், சம்பளச் சீட்டைக் கேட்டால் மற்றத் தொகைகளிலும் சந்தேகம் வரும். இரண்டு நாள் லீவு வீணானது என்று அசௌகரியத்தின் கீழ் எழுதி, அங்கே ஒரு சிறு தொகை கேளுங்கள்.

கேள்வி: திருமணத்துக்குத் தைக்கக் கொடுத்த சட்டை மறுநாள்தான் கிடைத்தது. மகள் அழுதாள். அழுகைக்கு விலை உண்டா? - நல்லூர்

பதில்: உண்டு, அந்த நாள் திரும்பி வராது என்பதால். சேவைக் குறைபாட்டுக்குச் சட்டத்தின் 32ஆம் பிரிவு இருக்கிறது. தையற்கூலி, அவசரமாக வாங்கிய மாற்றுச் சட்டையின் விலை, இவற்றுக்கு மேல் மன வேதனைக்கு ஒரு தொகை. திருமணத் தேதியைச் சொல்லித்தான் தைக்கக் கொடுத்தீர்கள் என்பதற்குத் தேதி எழுதிய தையற்சீட்டும் அழைப்பிதழும் போதும். நீதிமன்றத்துக்குப் போனால், ஒப்பந்தத்தை மீறியதற்கு மன வேதனையை மட்டும் காட்டிப் பணம் பெறுவது மிகக் கடினம். அதனால் செலவுகளை முதலில் வையுங்கள். உங்கள் மகளுக்கு நேர்ந்தது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கேள்வி: கைத்தொலைபேசி வாங்கினேன், பற்றுச்சீட்டு வாங்கவில்லை. கடைப் பெயரும் நினைவில்லை. பத்து இலட்சம் கேட்கலாமா? - சுன்னாகம்

பதில்: யாரிடம் கேட்பீர்கள்? பற்றுச்சீட்டைக் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. நீங்கள் கேட்கவே இல்லை.