கை கால் முடி: எடுப்பதா, விடுவதா?

"கை, கால் முடியை எடுக்காவிட்டால் வீட்டிலும் வேலையிடத்திலும் பேச்சு. வேக்ஸிங் செய்தால் காலில் புள்ளி புள்ளியாகக் கட்டிகள், பிறகு கறுப்புத் தழும்பு. நெஞ்சு முடியை எடுத்த என் தம்பியையும் கேலி செய்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?"

முதலில் ஒரு சோதனை. அடுத்த மூன்று மாதம் உங்கள் உடம்பை யாருமே பார்க்கப் போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் எந்தெந்த இடத்து முடியை எடுப்பீர்கள்? அக்குள் என்று பதில் வரலாம், கால் என்று வராமல் போகலாம். தனியாக இருந்தாலும் எடுப்பேன் என்று தோன்றுகிற இடம் உங்கள் சொந்த விருப்பம். மற்றதெல்லாம் அடுத்தவர் கண்ணுக்காக. அடுத்தவருக்காக எடுப்பது தவறில்லை. பேச்சு கேட்காமல் ஒரு நாளை ஓட்டுவதும் ஒரு தேவைதான். ஆனால் அடுத்தவர் கண்ணுக்காகச் செய்வதற்குத் தோல் குறைவாகத்தான் விலை கொடுக்க வேண்டும், அதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தவும் முடிய வேண்டும். லேசர் போல நீண்ட நாள் நிற்கிற முறைகளை உங்கள் சொந்த விருப்பத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பிரிவினை தெளிவானால் மற்ற முடிவுகள் சுலபம்.

"முடி இருந்தால் அசுத்தம்" என்ற பேச்சுதான் பெண்களை அதிகம் அழுத்துகிறது. அதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைத் தொற்றுத் தடுப்பு வழிகாட்டியைப் பாருங்கள். கத்தி வைக்கப்போகும் இடத்தில்கூட முடியை அப்படியே விடலாம். எடுத்தே ஆகவேண்டுமென்றால் கிளிப்பரால் வெட்டலாம், ரேஸரால் மழிக்கக் கூடாது என்கிறது அது. ரேஸர் தோலில் உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியே கிருமி உள்ளே போகும் என்பதுதான் காரணம். அறுவை அரங்கத்துக்கே இடைஞ்சல் இல்லாத முடி, அன்றாட வாழ்க்கைக்கு அசுத்தம் ஆகாது. அக்குளில் மட்டும் ஒரு சிறு வேறுபாடு உண்டு: முடி இல்லாதபோது சோப்பு தோலை எளிதில் எட்டும், வியர்வை வாடை சற்றுக் குறையும். முடியைக் குட்டையாக வெட்டி நன்றாகக் கழுவினாலும் பெரும்பாலும் இந்தப் பயன் கிடைத்துவிடும்.

பெண்ணின் அக்குள் முடி ஒரு குறையாகப் பார்க்கப்படுவதற்குப் பின்னால் வியாபாரத்தின் கையும் உண்டு. கையில்லாத உடைகள் பரவிய காலத்தில், 1915இல், ஜில்லெட் நிறுவனம் பெண்களுக்கென்று தனி ரேஸரை விற்கத் தொடங்கியது. அக்காலத்து அமெரிக்க விளம்பரங்கள் அக்குள் முடியை அவமானமாகவே காட்டின. ஆணுக்கு வரும் கேலி இதன் மறுபக்கம்: பெண்ணுக்கு இருக்கக் கூடாது, ஆணுக்கு இருந்தே ஆகவேண்டும். உங்களைப் பேசுகிறவர்களும் உங்கள் தம்பியைக் கேலி செய்கிறவர்களும் ஒரே விதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் கால். வேக்ஸிங்குக்குப் பிறகு வருகிற கட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. எப்போது வருகின்றன என்று கவனித்தால் காரணம் பிடிபடும். செய்த சில மணி நேரத்தில் சிவந்து, ஓரிரு நாளில் தானாக அடங்கினால் அது வெறும் எரிச்சல். இரண்டு மூன்று நாளில் நுனியில் சீழோடு வந்தால் முடிக்குழியில் தொற்று. மெழுகுக் குச்சியை மறுபடி மறுபடி ஒரே கிண்ணத்தில் தோய்ப்பது, செய்த அன்றே வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி செய்வது ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். முடி திரும்ப முளைக்கிற நேரத்தில், அதாவது ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கட்டி வந்து, உள்ளே சுருண்ட கறுப்பு இழை தெரிந்தால் அது உள்வளர் முடி. நீங்கள் சொல்லும் புள்ளிகளும் தழும்பும் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையாக இருக்கும்.

உள்வளர் முடி ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் முறையைத் தேர்ந்தெடுப்பது எளிது. முடி தோலின் மட்டத்துக்குக் கீழே அறுபட்டால், வெளியே வர அது தோலை மறுபடி துளைக்க வேண்டும். சுருள் முடி வளைந்து பக்கத்துச் சுவரில் குத்திக்கொள்ளும். உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணி வீங்குகிறது. மாநிறத்திலும் கருநிறத்திலும் இருப்பவர்களுக்கு அந்த வீக்கம் அடங்கிய பிறகு கறுப்பு தங்கும். மங்கப் பல மாதம் ஆகும். வேக்ஸிங்கில் முடி வேரோடு வராமல் நடுவில் முறிந்தாலும் இதே கதைதான். முடி மிகக் குட்டையாக இருக்கும்போது இழுத்தால்தான் அதிகம் முறியும். ஆகவே வேக்ஸிங் செய்வதென்றால் குறைந்தது 5 மில்லிமீட்டர் நீளம் வரும்வரை காத்திருங்கள்.

இந்தக் கணக்கில் டிரிம்மர் தனி இடம் பெறுகிறது. அது முடியைத் தோலுக்கு மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டுகிறது. நுனி வெளியிலேயே இருப்பதால் உள்ளே வளர வாய்ப்பு மிகக் குறைவு. வழவழப்பு வராது, உண்மைதான். ஆனால் ஓர் அடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கு முடி தெரிவது வெகுவாகக் குறைந்துவிடும், தோல் எதையும் இழக்காது. பேச்சுக்காக மட்டும் எடுக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முதலில் ஒரு மாதமாவது வேக்ஸிங்கை நிறுத்துங்கள். உள்ளே மாட்டிய முடிகளில் பல தானாக வெளியே வந்துவிடும். ஊசியால் தோண்ட வேண்டாம். அந்தக் காயம்தான் தழும்பை நிரந்தரமாக்கும். வெதுவெதுப்பான ஈரத் துணியைப் பத்து நிமிடம் வைப்பதும், வாரம் இரண்டு மூன்று முறை சாலிசிலிக் அமிலம் உள்ள லோஷனை மெல்லத் தடவுவதும் போதும். வெயில் படும் இடமென்றால் சன்ஸ்க்ரீன் போடுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு மங்கவே மங்காது.

அது அடங்கியதும் இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு காலில் டிரிம்மர், மற்றதில் ரேஸர், நான்கு வாரம். ரேஸரைக் குளித்து முடிக்கும் நேரத்தில் எடுங்கள். ஐந்து நிமிடம் நீரில் ஊறிய முடி மென்மையாக வெட்டுப்படும். ஷேவிங் ஜெல் தடவி, முடி வளரும் திசையிலேயே, அழுத்தாமல் இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் வழவழப்பு அதிகம், ஆனால் முடி மட்டத்துக்குக் கீழே அறுபடும். தோலை இழுத்துப் பிடிப்பதும் அதே விளைவைத் தரும்: விட்டவுடன் வெட்டிய நுனி உள்ளே போய்விடும். ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். ஐந்தாறு முறை பயன்படுத்திய பிளேடை மாற்றுங்கள், யாரோடும் பகிராதீர்கள். முடிந்ததும் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர்.

நான்கு வாரத்தில் ரேஸர் காலில் புள்ளி இல்லையென்றால் ரேஸர் உங்களுக்குப் பொருந்தும். புள்ளி வந்தால் உங்கள் முடிக்கு டிரிம்மர்தான் எல்லை; அதற்கு மேல் வழவழப்பு வேண்டுமென்றால் லேசரைப் பற்றி யோசிக்கலாம். இதற்கிடையே "ஷேவ் செய்தால் முடி தடித்து வளரும்" என்று யாராவது பயமுறுத்துவார்கள். 1928இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறியல் அறிஞர் இதை அளந்து பார்த்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதினார். வேர் தோலுக்குள் இருக்கிறது, பிளேடு அதைத் தொடுவதில்லை. கூர்மையாக முடிந்திருந்த நுனி மொட்டையாகிவிடுவதால்தான் கைக்குக் கரடாகத் தெரிகிறது.

கிரீம்களும் இருக்கின்றன. அவை முடியின் புரதத்தைக் கரைக்கின்றன. தோலும் அதே புரதக் குடும்பம்தான் என்பதால் பொதியில் எழுதியிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. 24 மணி நேரம் முன்பு சிறு இடத்தில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முழுதும் போட வேண்டும். அந்தரங்க உறுப்பின் ஈரமான உட்பகுதியில் ஒருபோதும் படக் கூடாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், நிறுத்தி ஆறு மாதம் ஆகாதவர்களும் வேக்ஸிங் பக்கமே போக வேண்டாம், தோல் உரிந்து வரும்.

லேசர் விஷயத்தில் மூன்றை மட்டும் சொல்கிறேன். அது முடியின் கருநிறத்தைத் தேடிச் சூடாக்குகிறது, ஆகவே நரைத்த முடியிலும் வெளிர் முடியிலும் வேலை செய்யாது. நம் நிறத்துத் தோலிலும் அதே நிறமி இருப்பதால் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. என்ன கருவி என்று கேட்காமல் உட்கார வேண்டாம். வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கும் முடி மட்டுமே அழியும் என்பதால் சில வார இடைவெளியில் ஆறு, எட்டு அமர்வுகள் ஆகும். முடி வெகுவாகக் குறையும், அடியோடு போகாது. அவ்வப்போது மறுபடி செய்ய வேண்டிவரும்.

தம்பியின் நெஞ்சுக்கும் டிரிம்மர்தான். ரேஸர் போட்டால் இரண்டு மூன்று நாளில் குத்தும் முனைகள் வந்து சட்டையில் உரசி அரிக்கும், தோலும் சிவக்கும். 3 மில்லிமீட்டர் சீப்பு மாட்டி வெட்டினால் சீராகவும் இருக்கும், மழித்ததாகவும் தெரியாது. கேலிக்கும் அதிகம் இடமிருக்காது. அவனுக்கு வழவழப்பான நெஞ்சுதான் பிடிக்குமென்றால் அது அவன் உடம்பு. "எனக்கு இப்படி வசதியாக இருக்கிறது" என்ற ஒரே வாக்கியத்தை எல்லோருக்கும் சொல்லச் சொல்லுங்கள், நீங்களும் சொல்லுங்கள். காரணம் அடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொன்றுக்கும் எதிர்வாதம் வரும்.

அந்தரங்க முடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பலர் யோசிப்பது அதுதான். அங்கே தோல் மடிப்பும் வியர்வையும் உரசலும் ஒன்றுசேர்வதால் உள்வளர் முடியும் தொற்றும் அதிகம். முனை உருண்ட கத்தரிக்கோலோ, காவல் சீப்பு மாட்டிய டிரிம்மரோ போதும். அக்குளுக்கும் முகத்துக்கும் பயன்படுத்தும் கருவியை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

பெண்களுக்குத் தாடை, மேலுதடு, நெஞ்சு, அடிவயிறு ஆகிய இடங்களில் தடித்த கறுப்பு முடி புதிதாக வந்தால், அதோடு மாதவிடாய் தள்ளிப்போனால், எடுக்கும் முறையைத் தேடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறியில் இது வழக்கம். ஹார்மோன் காரணத்தைக் கவனிக்காமல் முகத்தில் லேசர் செய்தால் புது முடி வந்துகொண்டே இருக்கும். சிலருக்கு லேசர் பட்ட இடத்தைச் சுற்றி முடி அதிகமாவதும் உண்டு. சில மாதங்களுக்குள் வேகமாக முடி கூடி, குரலும் தடித்தால் தள்ளிப்போடாமல் உடனே போங்கள்.